அட்டைக் கணக்கில் ஓர் அந்நியப் பெயர்

வானொலி நிலையத்தை நேயர்கள் ஒரு பெயரில் அறிவார்கள். அதே நிலையத்தில் விளம்பரம் கொடுக்கும் ஜவுளிக்கடைக்காரருக்குப் போகும் ரசீதில் வேறொரு பெயர் இருக்கும். அது ஒலிபரப்பு நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர். புதிதாக விளம்பரம் கொடுப்பவர்கள் சிலர் ரசீதைப் பார்த்துவிட்டு, "இது யாரு? நாங்க உங்க நிலையத்துக்குத்தானே காசு கட்டுறோம்?" என்று தொலைபேசியில் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. பதிலும் எளிது: மக்கள் அழைக்கும் பெயர் ஒன்று, காசு வாங்கும் பெயர் இன்னொன்று.

கிரெடிட் கார்டு கணக்கறிக்கையிலும் நடப்பது இதுதான். ஆனால், அங்கே தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஆளில்லை. 40 வெள்ளி, 50 வெள்ளி என்று ஒரு தொகை போயிருக்கும். பக்கத்தில் வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு பெயர், அதன்பின் ஏதோ ஓர் ஐரோப்பிய நகரம். உடனே மனம் மோசடி என்ற முடிவுக்குப் போய்விடுகிறது. மோசடியாகவும் இருக்கலாம். ஆனால் மாதச் சந்தா கட்டும் பழக்கம் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்நாளில், அது நாமே எப்போதோ சம்மதித்த ஒன்றாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் அவசர முடிவுக்கும் ஒரு விலை உண்டு.

என் அக்கா வீட்டில் அப்படி ஒரு வரி வந்தது. அக்கா வீட்டிலேயே டியூஷன் வகுப்பு நடத்துகிறார். அந்த மாதக் கணக்கறிக்கையில் 48 வெள்ளி 50 காசு போயிருந்தது. பெயர் இருந்த இடத்தில் `PADDLE.NET*` என்று தொடங்கி, நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஐந்தே ஐந்து எழுத்து. அத்தானுக்குச் சந்தேகம் பதினேழு வயது மகன் மேல். "கேம் எதையாவது வாங்கியிருப்பான்" என்றார். அவன் இல்லை என்கிறான், அவர் நம்பவில்லை. அக்காவோ கார்டையே முடக்கிவிடலாம் என்று வங்கி எண்ணை எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கார்டில்தான் எங்கள் அப்பாவின் மருத்துவக் காப்புறுதிச் சந்தா மாதாமாதம் தானாகக் கழிகிறது. கார்டை முடக்கினால் புதிய எண் வரும். புதிய எண்ணைக் காப்புறுதி நிறுவனத்திடம் கொடுக்கும்வரை சந்தா கழியாது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் காப்புறுதியில் அப்படி ஓர் இடைவெளி விழ விடக்கூடாது. அதனால் "ஒரு மணி நேரம் கொடுங்க அக்கா, முதல்ல இது என்னன்னு பார்ப்போம்" என்றேன்.

முதலில், இப்படிப்பட்ட பெயர் ஏன் வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால், தேடும் வழியும் புரிந்துவிடும்.

கார்டில் பணம் எடுக்கப்படும்போது, கடையின் வங்கியிலிருந்து உங்கள் வங்கிக்கு ஒரு சிறு செய்தி போகிறது. அதில் கடையின் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகக் குறுகியது. ஏறக்குறைய 22 முதல் 25 எழுத்துதான். அதற்குப் பின் ஊர் பெயருக்குக் கொஞ்சம் இடம், நாட்டுக்கு இரண்டு மூன்று எழுத்து. கணக்கறிக்கையில் நாம் பார்ப்பது இந்தச் செய்தியைத்தான். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படுவதும், எல்லாம் பெரிய எழுத்தில் இருப்பதும் இதனால்தான். இணையக் கடைகளில், ஊர் பெயர் வரவேண்டிய இடத்தில் தொலைபேசி எண்ணோ இணைய முகவரியோ இருப்பதும் உண்டு.

அந்தக் குறுகிய இடத்தில் யாருடைய பெயர் ஏறும் என்பதுதான் அடுத்த விஷயம். காசை வாங்குவது யாரோ, அவருடைய பெயர் ஏறும். உள்ளூர் உடற்பயிற்சிக் கூடம் என்றால் பெயர்ப்பலகையில் உள்ள பெயருக்குப் பதிலாக, அதை நடத்தும் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் பெயர் வரலாம். வெளிநாட்டுக் கணினி மென்பொருள் என்றால் கதை இன்னும் ஒரு படி நீளும்.

ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு செயலியைச் செய்கிறார்கள் என்று வையுங்கள். அதை உலகம் முழுக்க விற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் வரி விதி வேறு. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து விற்கப்படும் மின்னியல் சேவைகளுக்கும் சேவை வரி உண்டு. முதலில் 6 விழுக்காடாக இருந்தது, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. சிங்கப்பூரில் அதே 2020 ஜனவரியில் தொடங்கிய வரி, 2024 முதல் 9 விழுக்காடு. இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வைத்து வரி கட்ட அந்த ஐந்தாறு பேரால் முடியாது. எனவே அவர்கள் விற்பனையை ஓர் இடைநிலை நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். சட்டப்படி உங்களுக்கு விற்பவர் அந்த இடைநிலை நிறுவனம்தான். வரி வசூலிப்பதும், ரசீது அனுப்புவதும், பணத்தைத் திருப்பித் தருவதும் அவர் வேலை. கணக்கறிக்கையில் முன்னால் நிற்பது அவர் பெயர். பேடல் என்பது அப்படிப்பட்ட ஒரு நிறுவனம். இதே வேலையைச் செய்யும் மற்ற நிறுவனங்களும் இருக்கின்றன.

இப்போது அந்த நட்சத்திரக் குறிக்கு வருவோம். பெரும்பாலும் அதுவே எல்லைக்கோடு. குறிக்கு முன்னால் இருப்பது காசை வசூலித்தவர். பின்னால் இருப்பது எந்தப் பொருளுக்காக அல்லது யாருக்காக வசூலித்தார் என்பதன் சுருக்கம். `GOOGLE *` என்று தொடங்கினால், பின்னால் வருவது செயலியின் பெயர் அல்லது அதைச் செய்தவரின் பெயர். `PAYPAL *` என்றால், பின்னால் வருவது பேபால் வழியாகக் காசு வாங்கிய கடை. ஆகவே முன்னால் இருக்கும் அந்நியப் பெயரைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், பின்னால் இருக்கும் துண்டைப் பாருங்கள். துப்பு அங்கேதான் இருக்கிறது.

அக்காவின் வரியில் பின்னால் இருந்த ஐந்து எழுத்து எங்களுக்கு எதையும் நினைவூட்டவில்லை. அதனால் தொகையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளித் தொகையை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 48.50 என்ற விலையை எந்த விற்பனைப் பக்கத்திலும் பார்க்க முடியாது. அது மூன்று கைகள் மாறி வந்த தொகை. பல வங்கிகள் அந்த வரிக்குக் கீழே மூலத் தொகையையும் சிறிய எழுத்தில் போடும். அக்காவின் அறிக்கையில் USD 10.79 என்று இருந்தது. இதில் 8 விழுக்காடு வரி சேர்ந்திருக்கும் என்று ஊகித்து, 1.08 ஆல் வகுத்தேன். வந்தது 9.99. இப்போது இது ஒரு விலை மாதிரி தெரிகிறது! மாதம் 9.99 அமெரிக்க டாலர் என்பது செயலிச் சந்தாக்களில் சர்வ சாதாரணமான விலை. மீதிக் கணக்கும் சரியாக வந்தது. 10.79 டாலரை வங்கி அன்று போட்ட 4.45 என்ற விகிதத்தில் மாற்றினால் 48.02 வெள்ளி. அதன்மேல் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 1 விழுக்காடு சேர்த்தால் 48.50. இந்தக் கட்டணமும் விகிதமும் வங்கிக்கு வங்கி மாறும். ஒரே சந்தா மாதத்துக்கு மாதம் சில காசு கூடிக் குறைந்து வருவதற்குக் காரணமும் இதுதான்.

வரி எல்லா விற்பனையிலும் தனியாகச் சேராது. சிலர் விலைக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள். எனவே வகுத்துப் பார்த்து 9.99 போல முழுமையான விலை வராவிட்டால், வகுக்காத தொகையையே விலையாக எடுத்துக்கொண்டு பாருங்கள்.

அடுத்தது தேதி. கணக்கறிக்கையில் பெரும்பாலும் இரண்டு தேதி இருக்கும். ஒன்று பரிவர்த்தனை நடந்த நாள், மற்றது வங்கி அதைக் கணக்கில் ஏற்றிய நாள். தேடலுக்குத் தேவை முதலாவது. அக்காவின் அறிக்கையில் பரிவர்த்தனை 18ஆம் தேதி, ஏற்றியது 20ஆம் தேதி. முந்தைய மாத அறிக்கைகளைப் புரட்டினோம், அந்தப் பெயர் இல்லை. அப்படியானால் இது முதல் கட்டணம். முதல் கட்டணத்துக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் இலவசச் சோதனைக் காலம் இருக்கும். அது வழக்கமாக 7 நாள், 14 நாள் அல்லது 30 நாள். 18இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 11ஆம் தேதி, 4ஆம் தேதி, போன மாதம் 18ஐ ஒட்டிய ஒரு நாள். இந்த மூன்று நாட்களில் அக்கா என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

மின்னஞ்சலில் தேடும்போது பலரும் அந்த அந்நியப் பெயரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். மூலத் தொகையைத் தட்டிப் பாருங்கள். `10.79` என்று எண்ணை மட்டும் போட்டால் போதும். அதிலும் வராவிட்டால் `receipt`, `invoice`, `trial` என்ற சொற்களைப் போட்டு, அந்தத் தேதிகளைச் சுற்றி வந்தவற்றைப் பாருங்கள். குப்பை அஞ்சல் பெட்டியையும் விளம்பர அஞ்சல் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். மிக முக்கியமாக, உங்களிடம் இருக்கும் எல்லா முகவரிகளிலும் தேடுங்கள்.

அக்காவின் சொந்த மின்னஞ்சலில் ஒன்றும் இல்லை. "டியூஷனுக்கு வேற இமெயில் இருக்கே" என்று மகன்தான் நினைவுபடுத்தினான். அதைத் திறந்து `10.79` என்று போட்டதும் முதல் வரியிலேயே ரசீது. பிடிஎஃப் கோப்புகளைத் திருத்தும் ஒரு செயலி. 4ஆம் தேதி, பரீட்சைக்கு முந்தைய வாரம், பழைய வினாத்தாள்களைப் பிரித்துச் சேர்த்துப் பயிற்சித்தாள் தயாரிக்க அக்கா அதைப் பதினான்கு நாள் இலவசம் என்று எடுத்திருக்கிறார். வேலை முடிந்தது, மறந்தும் போனது. அந்த ஐந்து எழுத்து, செயலியின் பெயரை வெட்டி எடுத்த சுருக்கம். பெயரைத் தெரிந்துகொண்டபின் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது, அதற்கு முன் பார்த்தால் புதிர்.

அத்தான் மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு அவனுக்குப் பிடித்த கடையிலிருந்து ரொட்டி சானாய் வாங்கி வந்தார். எங்கள் வீடுகளில் மன்னிப்பு அப்படித்தான் வரும்.

மின்னஞ்சலில் ரசீதே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? காசை வசூலித்தவரிடமே கேட்கலாம். பேடல் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தேடும் பக்கம் வைத்திருக்கின்றன. கணக்கறிக்கையில் `paddle.net` என்று இணைய முகவரியையே பெயராகப் போடுவதன் நோக்கமும் அதுதான். அந்த முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். தேடுபொறியில் அந்தப் பெயரைப் போட்டு, மேலே வரும் விளம்பரத்தையோ, அங்கே கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணையோ நம்ப வேண்டாம். இப்படிக் குழம்பி வருபவர்களைப் பிடிப்பதற்கென்றே போலி எண்களைப் போட்டு வைப்பவர்கள் உண்டு. உண்மையான தேடலுக்கு மின்னஞ்சல் முகவரி, தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண் போன்ற விவரம் போதும். முழுக் கார்டு எண்ணையோ, பின்பக்க மூன்று எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் டிஏசி எண்ணையோ யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆப்பிள், கூகள் இரண்டிலும் வழி கொஞ்சம் வேறு. `APPLE.COM/BILL` என்ற வரியில் எந்தச் செயலி என்ற துப்பே இருக்காது. சில வேளை இரண்டு மூன்று சிறு வாங்கல்களைச் சேர்த்து ஒரே தொகையாகவும் எடுத்திருப்பார்கள். `reportaproblem.apple.com` என்ற பக்கத்தில் உங்கள் ஆப்பிள் கணக்கோடு நுழைந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கூகளில் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குப் போகலாம். குடும்பமாகப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிளின் குடும்பப் பகிர்வில் வாங்கல் பகிர்வு திறந்திருந்தால், பிள்ளைகள் வாங்குவதும் குடும்ப அமைப்பாளரின் கார்டிலேயே ஏறும். ரசீதை உங்கள் கணக்கில் மட்டும் தேடிவிட்டு, மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, எல்லா வழியிலும் தேடியும் கிடைக்கவில்லை, அல்லது பார்த்தவுடனே தவறு என்று தெரிகிறது. அப்போது தாமதிக்கக்கூடாது. ஓர் அடையாளம் சொல்கிறேன். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று சிறு தொகை எடுத்துப் பார்ப்பார்கள். அது போனால் பெரிய தொகை பின்னால் வரும். நியாயமான சோதனைக் காலத்திலும் கார்டைச் சரிபார்க்க இப்படிச் சிறு தொகை தோன்றுவதுண்டு. ஆனால் அது 'நிலுவையில்' என்று சில நாள் நின்றுவிட்டு, கணக்கில் ஏறாமலே மறைந்துவிடும். சிறு தொகை கணக்கில் ஏறிவிட்டது, எந்த ரசீதும் இல்லை, அதன்பின் வேறு பெயர்களிலும் முயற்சி நடக்கிறது என்றால், அது சந்தா அல்ல.

அந்த நிலையில் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே அழைத்து, கார்டை முடக்கச் சொல்லி, அந்த வரியை மறுப்பதாகப் பதிவு செய்யுங்கள். எத்தனை நாளுக்குள் மறுக்க வேண்டும் என்பது கணக்கறிக்கையிலோ வங்கியின் விதிமுறையிலோ இருக்கும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். யாரோ ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள் என்றால், மலேசியாவில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997.

சந்தாதான் என்று தெரிந்துவிட்டால், அதை நிறுத்த வேண்டிய இடம் வங்கியல்ல, விற்றவரிடம். கைப்பேசியிலிருந்து செயலியை அழிப்பதும் சந்தாவை நிறுத்தாது. கார்டை மாற்றினாலும் சந்தா தானாக நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும், புதிய கார்டு எண்ணைப் பழைய சந்தாக்காரர்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால், புதிய கார்டிலும் அதே வரி வந்து நிற்கும். அதே வேளை, வங்கி சேராத இடத்தில் அப்பாவின் காப்புறுதி போன்றவை அறுந்துபோகும். நிற்க வேண்டியது நிற்காமலும், நிற்கக்கூடாதது நின்றும் போவதற்கு நல்ல வாய்ப்பு!

அக்கா ரசீதில் இருந்த இணைப்பிலேயே சந்தாவை ரத்து செய்தார். சோதனைக் காலம் முடிந்தபின் செயலியைத் திறக்கவே இல்லை என்று ஒரு வரி எழுதி, பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து அதே பெயரில் வரவு வந்தது. 48.50 போனது, திரும்பியது 47.26. 10.79 டாலர் முழுதாகத் திரும்பியிருக்கிறது, ஆனால் அன்றைய விகிதம் 4.38. வங்கி எடுத்த பரிவர்த்தனைக் கட்டணமும் திரும்பவில்லை. திரும்பி வரும் தொகை குறைந்தால், அதையும் புதுச் சந்தேகமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

ரத்து செய்ததை உறுதிசெய்யும் மின்னஞ்சலை மட்டும் அழிக்காதீர்கள். அதன்பிறகும் அதே வரி மீண்டும் வந்தால், வங்கியிடம் மறுப்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். அக்கா இப்போது எந்தச் சோதனைக் காலத்தை எடுத்தாலும், நாட்காட்டியில் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் செயலியின் பெயர், விலை, எந்த மின்னஞ்சல் என்ற மூன்றையும் குறித்து வைக்கிறார். கணக்கறிக்கை சொல்லாமல் விடுவது அந்த மூன்றைத்தான்.